பாப்பா யார் ஜாடை?

ஒரு வீட்டில் பாப்பா பிறந்துவிட்டால் போதும். "மூக்கைப் பாரேன், அப்படியே அப்பா!" என்பார் அத்தை. "அதெல்லாம் இல்லை, அம்மா ஜாடைதான்!" என்பார் மாமா. இவர்களில் யார் சொல்வது சரி என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றுகிறதா? அருமையான கேள்வி!

முதலில் பாப்பாவின் மூக்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தண்டு எழும்பாமல் சப்பையாக இருக்கும். கன்னம் கொழுகொழுவென்று உப்பியிருக்கும். பச்சைக் குழந்தைகள் பலருக்கும் இப்படித்தான். மூக்கும் தாடையும் வளர வளரத்தான் அவரவர்க்கு உரிய வடிவத்துக்கு வரும். அதனால் இப்போதே ஜாடை சொல்வது கடினம்.

ஆளுக்கொரு ஜாடை சொல்வதற்கு இன்னொரு காரணம், பார்ப்பவர் மனத்தில் இருக்கிறது. இத்தாலியில் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு பெரியவர் படத்தையும் ஒரு குழந்தை படத்தையும் காட்டி, "இவர்கள் பெற்றவரும் பிள்ளையும்" என்று சொன்னார்கள். உடனே பார்த்தவர்களுக்கு ஜாடை கூடுதலாகத் தெரிந்தது. உறவே இல்லாத இருவர் படத்திலும் அப்படித்தான்! உறவு என்று நம்பினால் கண் ஒற்றுமையைத் தேடிப் பிடிக்கிறது. புரிகிறதா?

சரி, மரபியல் என்ன சொல்கிறது? நம் செல்லுக்குள் 23 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. அவற்றில்தான் மரபணுக்கள் இருக்கின்றன. அதனால் அநேகமாக ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. சில சமயம் ஒரு பிரதி வெளியே தெரியும், மற்றது மறைந்திருக்கும்.

ரத்த வகையை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஏ வகை. அம்மாவுக்கு பி வகை. அப்பாவிடம் ஏ, ஓ என்று இரண்டு பிரதிகள் இருக்கலாம். ஓ மறைந்துகொள்வதால் அவர் ஏ வகை. அம்மாவிடம் அதேபோல் பி, ஓ. ஒவ்வொருவரும் பாப்பாவுக்குத் தருவது ஒரு பிரதி மட்டுமே. எது போகும் என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இருவரும் ஓ-வைத் தந்துவிட்டால்? பாப்பா ஓ வகை! அப்பாவைப் போலவும் இல்லை, அம்மாவைப் போலவும் இல்லை. ஆனாலும் இருவருடைய குழந்தைதான். இப்படி ஓ வகை வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

பிள்ளை பெற்றோரைப் போல இல்லாமல் போவது மாமரத்திலும் நடக்கும். பங்கனப்பள்ளிக் கொட்டையை நட்டால், அதே ருசியில் பழம் வரும் என்று உறுதி இல்லை. அதனால்தான் ஒட்டுக்கன்று வாங்குகிறார்கள்.

ரத்த வகையை முடிவு செய்வது ஒரே மரபணு. முகத்துக்கோ ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அப்பாவிடமிருந்து வந்தவையும் அம்மாவிடமிருந்து வந்தவையும் கலந்துதான் ஒரே மூக்கு உருவாகிறது.

ஆகவே குழந்தைகளே, யாராவது "பாப்பா யார் ஜாடை?" என்று கேட்டால், "இருவரிடமிருந்தும் 23 குரோமோசோம்கள் வந்திருக்கின்றன" என்று சொல்லுங்கள். அதுதான் சரியான பதில்!