நாள்தோறும் ஒரு பிடி பருப்பு: எல்.டி.எல். எவ்வளவு குறையும்?

திருவாலங்காட்டிலும் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் வாழும் நம் குடும்பங்களில், நாற்பது வயதைத் தாண்டியவர்களின் கையில் ஓர் இரத்தப் பரிசோதனைத் தாள் இருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. அத்தாளில் எல்.டி.எல். என்ற எழுத்துக்களுக்கு எதிரே உள்ள எண் சற்று உயர்ந்திருந்தால், "பாதாம் சாப்பிடுங்கள், அக்ரூட் சாப்பிடுங்கள்" என்று நால்வர் நாற்புறமும் கூறுவர். இவ்வறிவுரையில் எவ்வளவு உண்மை உள்ளது, எத்தனை கிராம் உண்டால் எவ்வளவு குறையும் என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

கொலஸ்டிரால் என்பது உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருளே. அதைக் கல்லீரலிலிருந்து உடலின் பல பாகங்களுக்கும் சுமந்து செல்லும் வண்டியே எல்.டி.எல். வண்டிகள் அளவுக்கு மிஞ்சினால் இரத்தக் குழாயின் சுவரில் கொழுப்புப் படிந்து, நாளடைவில் மாரடைப்புக்கு வழி கோலும். ஓடி முடிந்த வண்டிகளைத் திரும்பப் பிடித்து உள்ளிழுக்கும் வாயில்கள் கல்லீரலில் உள்ளன. நெய், வெண்ணெய், பாமாயில் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் இவ்வாயில்கள் குறைகின்றன. பருப்புகளில் பெரும்பகுதியாக உள்ள நிறைவுறாக் கொழுப்பு அதன் இடத்தைப் பிடிக்கும்போது வாயில்கள் பெருகுகின்றன. மேலும், பருப்பில் உள்ள தாவர ஸ்டெரால் என்னும் பொருள், குடலில் கொலஸ்டிரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. பருப்பு செய்யும் நன்மையின் சாரம் இதுவே.

ஆய்வுகள் கூறும் அளவு

1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்களைக் கொண்டு அக்ரூட் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று நடைபெற்றது. எல்.டி.எல். 16 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவர்கள் உண்ட உணவின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அக்ரூட்டிலிருந்தே வந்தது என்பதை மறத்தலாகாது. அத்தனை அக்ரூட்டை நாள்தோறும் உண்பது நம் இல்லங்களில் இயலாத காரியம். 2015-இல் 61 ஆய்வுகளை ஒன்று சேர்த்துக் கணக்கிட்டபோது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 28 கிராம் மரப் பருப்புகளுக்கு எல்.டி.எல். சுமார் 5 மில்லிகிராம் குறைவதாகத் தெரிந்தது. நாளொன்றுக்கு 60 கிராமுக்கு மேல் உண்டவர்களிடம் பலன் இன்னும் கூடியது.

நம் அருகிலேயே நடந்த ஓர் ஆய்வு மேலும் பாடம் தருவதாகும். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார், சர்க்கரை நோய் உள்ள 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 30 கிராம் முந்திரிப்பருப்பை 12 வாரங்கள் அளித்தனர். முடிவு 2018-இல் வெளியாயிற்று. நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்.டி.எல். சிறிது உயர்ந்தது, இரத்த அழுத்தம் சற்றுத் தணிந்தது, உடல் எடை கூடவில்லை. ஆனால் எல்.டி.எல். அளவில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! அதே நிறுவனத்தார் எடை மிகுந்த 400 பேருக்கு நாளொன்றுக்கு 43 கிராம் பாதாம் அளித்துச் செய்த மற்றோர் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதில் மொத்தக் கொலஸ்டிரால் குறைந்தது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிற்கு ஒரு காரணம் கூறலாம். 30 கிராம் பாதாமில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் ஒரு கிராமே. முந்திரியில் அது இரண்டு கிராமுக்கு மேல். அளவும் வேறு. ஆகவே, எல்லாப் பருப்பும் எல்.டி.எல்.லுக்கு ஒன்றே என்று எண்ணுதல் சரியன்று.

எதற்குப் பதிலாக உண்கிறோம்?

கும்மிடிப்பூண்டி ஆலையில் வேலை செய்யும் ஒரு குடும்பத் தலைவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருடைய மொத்தக் கொலஸ்டிரால் 224, எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 180. பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லை நேரே அளப்பதில்லை. டிரைகிளிசரைடை 5-ஆல் வகுத்து, வருவதையும் எச்.டி.எல்.லையும் மொத்தத்திலிருந்து கழிக்கின்றன. 180-ஐ 5-ஆல் வகுத்தால் 36. 224-இல் 40-ம் 36-ம் போக எஞ்சுவது 148. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இக்கணக்கு செல்லாது.

இவர் நாள்தோறும் 30 கிராம் பாதாம், அதாவது சுமார் 24 பருப்புகள் உண்டால், எல்.டி.எல். 143 அளவுக்கு வரும் என எதிர்பார்க்கலாம். அதற்குமேல் அதிசயம் நிகழாது. மாலைத் தேநீருடன் தின்னும் பஜ்ஜியை அப்படியே வைத்துக்கொண்டு பருப்பை மேலதிகமாகச் சேர்த்தால், நாளொன்றுக்கு 170 கலோரிக்கு மேல் கூடும். எடை ஏறினால் பலன் பாழாகும். பஜ்ஜியை நிறுத்தி அவ்விடத்தில் பருப்பை வைத்தால், பாமாயிலின் நிறைவுற்ற கொழுப்பும் விலகுவதால், இறக்கம் மேலும் சற்றுக் கூடும். ஒரு மேசைக்கரண்டி பாமாயிலில் ஏறத்தாழ ஆறு கிராம் அத்தகைய கொழுப்பு உண்டு. நெய்யில் கிளறிய பாதாம் அல்வாவும் சர்க்கரை கலந்த பாதாம் பாலும் இந்தக் கணக்கில் சேரா.

ஒருவருக்கு மாதம் 900 கிராம் பாதாம் என்பது பல குடும்பங்களுக்குச் சுமையாகும். அக்ரூட்டோ காஷ்மீரத்திலிருந்து வரவேண்டியது. ஆனால் நம் மாவட்ட வயல்களில் விளையும் வேர்க்கடலை, தாவர வகையில் அவரை இனமாயினும், கொழுப்பின் தன்மையில் மரப் பருப்புகளுக்கு நெருங்கியதே. நிறைவுற்ற கொழுப்பு பாதாமை விடச் சற்று அதிகம், 30 கிராமில் இரண்டு கிராம் அளவு. வேகவைத்தோ, எண்ணெயும் உப்புமின்றி வறுத்தோ உண்டால், ஏழை எளியவர்க்கும் இவ்வழி திறந்தே உள்ளது. பொரித்து உப்பிட்ட கடலை அவ்வாறன்று.

கவனிக்க வேண்டியவை

ஈரம் உள்ள கடலையில் பூசணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. இது கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முற்றிலும் அழியாது. சுருங்கியவை, பச்சை மஞ்சள் நிறம் படிந்தவை, கசப்பவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். அக்ரூட்டும் வெயிலில் எண்ணெய் சிக்கேறும். அது பழைய எண்ணெய் வாடை வீசினால் உண்ணத் தகாது. காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைப்பதே நன்று.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பு மூச்சுக் குழலில் அடைக்கக்கூடும். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். கொலஸ்டிராலுக்கு மாத்திரை உட்கொள்பவர் பருப்பை நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது. மாத்திரை குறைக்கும் அளவோடு ஒப்பிட்டால், ஐந்து மில்லிகிராம் என்பது மிகச் சிறியதே.

பலனை அறிய 12 வாரங்கள் கழித்து, அதே ஆய்வகத்தில், முன்போலவே வெறும் வயிற்றுடன் பரிசோதிக்க வேண்டும். எந்த மாற்றமும் செய்யாத ஒருவருக்கே எல்.டி.எல். நாளுக்கு நாள் சில விழுக்காடு ஏறியிறங்கும். ஆதலின் ஒரே தாளில் ஐந்து குறைந்ததென்று மகிழவும், ஐந்து கூடிற்றென்று சோர்வுறவும் வேண்டா. இரண்டு மூன்று பரிசோதனைகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான், அந்த ஒரு பிடி பருப்பு என்ன செய்தது என்பது நமக்குத் தெளிவாகும்.