ஐந்து எண்கள், ஒரு தாள்: கால்பந்துப் பயிற்சியாளருக்கான ஆட்ட அறிக்கை

கால்பந்து ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் பயிற்சியாளர் கைக்குப் போகும் அறிக்கை ஒரு ஏ4 தாளுக்குள் அடங்க வேண்டும். அடுத்த பயிற்சியில் எதைச் செய்வது என்று முடிவெடுக்க அவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். ஆட்டத்தைத் தானே பார்த்தவருக்கு அறிக்கை எதற்கு என்று கேட்கலாம். கனடாவில் இயன் ஃபிராங்க்ஸும் கேரி மில்லரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. பயிற்சியாளர் பணிக்குத் தயாராகி வந்தவர்களிடம் ஆட்டத்தின் 45 நிமிடங்களைக் காட்டிவிட்டு, அதில் நடந்தவற்றைக் கேட்டார்கள். முக்கிய நிகழ்வுகளில் பாதியைக்கூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கோல்களும் நடுவரோடு நடந்த தகராறும் மனதில் நிற்கும். இடது ஓரத்தில் நான்கு முறை ஒரே மாதிரி பந்து பறிபோனது நிற்காது. அறிக்கை ஈடுகட்ட வேண்டியது அந்த மறதியைத்தான்.

தாளில் எந்த எண்ணைச் சேர்ப்பது என்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த எண் வேறாக இருந்திருந்தால் அடுத்த பயிற்சி மாறியிருக்குமா? பந்து எந்த அணியிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்ற சதவீதம் இந்தக் கேள்வியில் தேறுவதில்லை. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் 52 சதவீத நேரம் பந்தை வைத்திருந்தது. 18 ஷாட் அடித்தது. ஜெர்மனி அடித்தது 14. முடிவு 7-1, ஜெர்மனிக்குச் சாதகம். அரை மணி நேரத்துக்குள் ஐந்து கோல் விழுந்துவிட்டதால், முன்னிலையில் இருந்த அணி அவசரப்படத் தேவையில்லாமல் போனது. பின்தங்கிய அணி பந்தோடு முன்னேறிக்கொண்டே இருந்தது. ஸ்கோர் மாறும்போது ஆட்டத்தின் போக்கும் மாறும். போக்கோடு சேர்ந்து பந்துவசமும் மொத்த ஷாட்டும் ஏறி இறங்கும். இவை பெரும்பாலும் ஸ்கோரின் விளைவுகள், காரணங்கள் அல்ல. மொத்த பாஸ், பாஸ் துல்லியம், ஓடிய தூரம் ஆகியவற்றையும் இதே காரணத்தால் விட்டுவிடலாம். பாதுகாப்பு வீரர்கள் தங்களுக்குள் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தாலே துல்லியம் உயர்ந்துவிடும்.

வீரர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதை உறுதியாகத் தவிர்க்க வேண்டும். தாள் எப்படியும் உடைமாற்றும் அறைக்குப் போய்ச் சேரும். போனதும் பேச்சு முழுவதும் அந்த மதிப்பெண்ணைப் பற்றியே இருக்கும், ஆட்டம் மறந்துபோகும்.

இவற்றைக் கழித்த பின், ஒரே ஒருவர் வீடியோவைப் பார்த்துக் காகிதத்தில் எண்ணக்கூடிய ஐந்து எண்கள் மிஞ்சுகின்றன. முதலாவது, பெனால்டி பாக்ஸின் நடுப்பகுதியிலிருந்து அடிக்கப்பட்ட ஷாட்டுகள். பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிப்பது கோலாவது அரிது. ஆகவே எத்தனை ஷாட் என்பதைவிட எங்கிருந்து என்பது முக்கியம். இரண்டாவது, பாக்ஸுக்குள் பந்தோடு நுழைந்த தடவைகள். மூன்றாவது, எதிரணிப் பாதியில் பந்தைத் திரும்பப் பறித்தவை. நான்காவது, சொந்தப் பாதியில் பந்தை இழந்து, பத்து நொடிக்குள் எதிரணி பாக்ஸுக்குள் வந்துவிட்ட தடவைகள். ஐந்தாவது, எதிரணி எடுத்த கார்னர்களில் பந்தை முதலில் தொட்டது யார் என்பது. முதல் இரண்டையும் இரு அணிகளுக்கும் எண்ண வேண்டும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரியில் வரையறை எழுதிவைத்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். பாக்ஸுக்குள் பந்து வந்தாலே நுழைவா, தாக்கும் அணியின் ஆட்டக்காரர் அதைத் தொட்டால்தான் நுழைவா? இதைத் தீர்மானிக்காவிட்டால் ஒரே ஆட்டத்தை இருவர் எண்ணி ஒருவர் 9 என்பார், மற்றவர் 15 என்பார். வரையறை தெளிவாக இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரே 15 நிமிட வீடியோவை இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே வரையறையைத் திருத்த வேண்டும்.

எண்ணியதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. இங்கிலாந்து விமானப்படையில் கணக்கு அலுவலராக இருந்த சார்லஸ் ரீப், 1950-இல் ஆட்டங்களைக் குறிப்பெடுக்கத் தொடங்கி பல்லாண்டுகள் அதைத் தொடர்ந்தார். சுமார் 80 சதவீத கோல்கள் மூன்று அல்லது அதற்குக் குறைந்த பாஸ்களில் வந்ததைக் கண்டு, பந்தை நீளமாக அடித்து ஆடுவதே சிறந்தது என்றார். ஆனால் ஆட்டத்தின் எல்லா நகர்வுகளிலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவை அந்த நீளத்துக்குள்தான் முடிந்தன. அப்படிப் பார்த்தால் நீண்ட நகர்வுகளே தங்கள் பங்குக்கு மேல் கோல் தந்திருக்கின்றன. உழைப்பு அபாரமானது, வகுக்கவேண்டிய எண்ணை மறந்ததால் முடிவு தலைகீழானது. அதனால் தாளில் தனி எண்ணாக எதையும் எழுதக்கூடாது. பக்கத்திலேயே கடந்த ஐந்து ஆட்டங்களில் அந்த எண் எந்த எல்லைக்குள் இருந்தது என்பதும் வர வேண்டும்.

ஒரு கற்பனை ஆட்டத்தை வைத்து இதைப் பார்க்கலாம். ஒரு கல்லூரி அணி 1-0 என்று தோற்கிறது; கோல் ஒரு கார்னரிலிருந்து விழுந்தது. அணி அடித்த ஷாட் 14, எதிரணி அடித்தது 6. முன்கள வீரர்கள் சொதப்பிவிட்டார்கள் என்று மைதானத்தில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். தாள் வேறு சேதி சொல்கிறது. பாக்ஸின் நடுவிலிருந்து அடித்தவை இரு அணிக்கும் மும்மூன்று. மீதி 11 ஷாட்டும் தொலைவிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் அடித்தவை. பாக்ஸ் நுழைவு 9, எதிரணிக்கு 10. எதிரணிப் பாதியில் பறித்தவை 4. வழக்கமாக 7 முதல் 12. சொந்தப் பாதியில் ஆபத்தான இழப்பு 6. வழக்கமாக 2 முதல் 4. எதிரணியின் 7 கார்னர்களில் 5-ஐ அவர்களே முதலில் தொட்டார்கள்.

இந்த வேறுபாடுகளில் எது உண்மையானது, எது தற்செயல்? இதற்கு ஒரு தோராயமான அளவுகோல் இருக்கிறது: எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் சாதாரணம். சராசரி 9 என்றால் 6-ம் வரும், 12-ம் வரும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பறித்தவை 9-லிருந்து 4-க்கு இறங்கியதும், இழப்பு 3-லிருந்து 6-க்கு ஏறியதும் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. கொஞ்சம்தான் தாண்டுகின்றன என்பதால் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது, வீடியோவையும் பார்க்க வேண்டும். நேரக் குறிப்பைத் தேடிப் போனால், ஆறு இழப்பில் நான்கு 52-வது நிமிடத்துக்கும் 70-வது நிமிடத்துக்கும் இடையில் நடந்தவை. நான்கிலும் கோல்கீப்பர் இடது பாதுகாப்பு வீரருக்குக் குறுகிய பாஸ் தருகிறார். எதிரணியின் இருவர் உடனே நெருக்குகிறார்கள். இது தற்செயல் என்று ஒதுக்கக்கூடியது அல்ல.

தோல்வி கார்னரில் வந்ததால் பயிற்சியாளர் மனம் கார்னரையே சுற்றிக்கொண்டிருக்கும். கடந்த ஐந்து ஆட்டங்களில் எதிரணிகள் எடுத்த 31 கார்னர்களில் 11-இல்தான் அவர்கள் முதல் தொடுதலைப் பெற்றிருந்தார்கள் என்றால், இந்த 7 கார்னர்களை வைத்துத் தடுப்பு முறையையே மாற்றுவது அவசரம். அந்த வரியைத் தாளில் அப்படியே விட்டு, அடுத்த இரண்டு ஆட்டங்களைப் பார்த்த பின் முடிவு செய்யலாம். பயிற்சி நேரத்தைக் கோல் கிக்கிலிருந்து பந்தை வெளியே கொண்டுவருவதற்குக் கொடுக்க வேண்டும்.

தாளின் அமைப்பு எளிது. மேலே எதிரணி, ஸ்கோர், தேதி. அடுத்து ஆட்டத்தின் கதை இரண்டு வரியில். நடுவில் ஐந்து வரிசைகள்: இந்த ஆட்டத்தின் எண், எதிரணியின் எண், வழக்கமான எல்லை. எல்லையைத் தாண்டிய வரிசைகளை மட்டும் தடித்த எழுத்தில் காட்டி, அருகில் வீடியோவின் நிமிடங்களைக் குறிக்க வேண்டும். ஒரு வரிசைக்கு மூன்று நிமிடக் குறிப்புகள் போதும். கீழே கால்பங்கு இடம் பயிற்சியாளரின் பேனாவுக்கு. வண்ணப் படங்களும் வட்ட வரைபடங்களும் வேண்டாம். கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸில் அவை தெளிவாக விழாது.

ஐந்து எண்களையும் போட்டிப் பருவத்தின் நடுவில் மாற்றக்கூடாது, மாற்றினால் ஒப்பிடப் பழைய எல்லை இருக்காது. பருவ இடைவேளையில் பழைய தாள்களை எடுத்துப் பார்த்து, எந்த வரிசை ஒருமுறைகூடப் பயிற்சியை மாற்றவில்லையோ அதை நீக்கி வேறொன்றைச் சேர்க்கலாம்.