ஒரே வட்டம்தான்... சதுரத்துக்கு 2 மடங்கு, முக்கோணத்துக்கு 4 மடங்கு! எப்படி?

ஒரு வட்டத்துக்கு வெளியே அதைத் தொட்டபடி ஒரு சதுரம், உள்ளே ஒரு சதுரம். இரண்டின் பரப்பளவு விகிதம் என்ன? சதுரத்துக்குப் பதில் சமபக்க முக்கோணம் என்றால்? ஒரு தாள் போதும், மடித்தே கண்டுபிடிச்சிடலாம்.

சதுரம்: 14 செ.மீ. சதுரத் தாளில் 7 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரையுங்கள். அது நான்கு ஓரங்களையும் சரியாக நடுவில் தொடும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் உள் சதுரம் ரெடி. இப்போது நான்கு மூலைகளையும் அந்தக் கோடுகளில் உள்ளே மடியுங்கள். உள் சதுரம் இடைவெளி இல்லாமல் மூடிவிடும். வெளியே 196 ச.செ.மீ., உள்ளே 98. விகிதம் 2:1.

முக்கோணம்: சமபக்க முக்கோணத் தாளிலும் வட்டம் ஓரங்களின் நடுவில்தான் தொடும். மூன்று புள்ளிகளையும் இணைத்து மூலைகளை மடித்தால், ஒவ்வொரு மூலையுமே உள் முக்கோணத்தை முழுசா மூடும். மூன்று மூலை, நடுவில் ஒன்று, மொத்தம் நான்கு. விகிதம் 4:1.

எங்கே தப்பு நடக்கும்? வெளி முக்கோணத்தின் பக்கம் 2 மடங்குதானே என்று 2:1 போட்டுவிடுவார்கள். பக்க விகிதத்தை வர்க்கப்படுத்தினால்தான் பரப்பளவு விகிதம் வரும். சதுரத்தில் பக்கம் √2 மடங்கு, அதனால் பரப்பு 2 மடங்கு. வட்டம் சின்னதோ பெரிசோ, இந்த விகிதங்கள் மாறாது.