கரகம் சுமப்பவர் கட்டும் சேலை: வேடம் எது, பாலின அடையாளம் எது?

சைத்ர பௌர்ணமி முடிந்த மறுநாள் காலை உங்கள் ஃபீடைத் திறந்தால் அந்த வீடியோ கட்டாயம் வரும். பெங்களூரு திகளரபேட்டை தர்மராயசுவாமி கோயில். நள்ளிரவு தாண்டிய நேரம். மல்லிகைப்பூவால் கோபுரம்போல உயர்ந்து நிற்கும் கரகத்தைத் தலையில் தாங்கி ஒருவர் வெளியே வருகிறார். கை வைத்துப் பிடிக்கவில்லை. சேலைக்கட்டு, கை நிறைய வளையல், கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம். சுற்றிலும் உருவிய கத்தியோடு வீரகுமாரர்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. அத்திப்பள்ளி தாண்டினால் ஆனேக்கல், அங்கேயும் கரகம் உண்டு. ஆனால் வெளியூரிலிருந்து சிப்காட் வேலைக்கு வந்து முதல்முறையாகப் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி வரும்: "இவர் திருநங்கையா?"

இல்லை. அந்தப் பதிலோடு நிறுத்திவிட்டால் விஷயத்தில் பாதி புரியாது. ஏன் இல்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தாலி யாருடையது?

கரகம் சுமப்பவர் திகளர் சமூகத்தைச் சேர்ந்தவர். வன்னிகுல க்ஷத்ரியர் என்றும் சொல்வார்கள். தமிழ்ப் பூர்வீகமும் தோட்டத் தொழில் பின்னணியும் உள்ள சமூகம். அதற்கென்று உள்ள குடும்பங்களிலிருந்து ஒரு ஆணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாதக்கணக்கில் விரதம், உடற்பயிற்சி, வீட்டை விட்டு விலகியிருத்தல் என்று அவர் தயாராகிறார். அவர்மேல் இறங்குவது திரௌபதி என்பது நம்பிக்கை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விவரம் அந்தத் தாலி. அது கடையில் வாங்கிய நாடகத் தாலி இல்லை, அவருடைய மனைவியின் தாலி. வளையலும் மனைவியுடையதுதான். அவற்றைக் கழற்றிக் கொடுத்த மனைவி, விழா முடியும்வரை கணவர் கண்ணில் படக்கூடாது என்பது வழக்கம். எல்லாம் முடிந்த பிறகு மனைவிக்கு மறுபடியும் தாலி கட்டுவார்.

கவனியுங்கள், இந்தச் சடங்கு முழுக்க ஒரு அனுமானத்தின்மேல் நிற்கிறது. சேலை கட்டியிருப்பவர் ஒருவருக்குக் கணவர், விழா முடிந்ததும் அந்த இடத்துக்கே திரும்பப் போகிறவர் என்பதுதான் அது. எப்போது பெண்ணாவது, எப்போது திரும்புவது இரண்டுக்கும் நாள் குறித்திருக்கிறது. "நான் யார்" என்று அவர் அங்கே சொல்ல வரவில்லை. ஊர் ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறது, அதைச் செய்கிறார். இதை "இந்தியாவின் டிராக்" என்று இன்ஸ்டாவில் சிலர் கேப்ஷன் போடுவதும் தப்புதான். சடங்கைக் கலை நிகழ்ச்சியாக்குவது இன்னொரு வகைக் குழப்பம்.

விடிந்ததும் கலையும் அரிதாரம்

அதே திரௌபதி, கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக் கிராமங்களில் வேறு மாதிரி வருகிறார். திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதத் திருவிழா நடக்கும்போது பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி தெருக்கூத்து. கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. கூத்தில் பாஞ்சாலி வேடம் கட்டுபவர் மரபாக ஆண்தான். பெண்கள் கூத்தில் ஆடுவது இப்போதுதான் அங்கங்கே நடக்கிறது.

பெண் வேடக்காரருக்கு அது ஒரு ஸ்பெஷலைசேஷன். துரியோதனன் மாதிரி கிரீடமும் புஜக்கட்டையும் போட்டுக்கொண்டு உருவத்தாலேயே மிரட்ட முடியாது. சேலை, சவுரி, முகத்துக்கு அரிதாரம். மீதி எல்லாம் குரலும் நடையும்தான். துகிலுரியும் காட்சியில் ஊரே அழ வேண்டும், அதுதான் அவருக்கு அளவுகோல். விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வேட்டியோ பேண்ட்டோ மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அங்கே முடிந்தது வேடம்.

தமிழ் நாடக உலகம் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. "ராஜபார்ட்", "ஸ்திரீபார்ட்" என்று வேலையின் பெயராகவே சொன்னார்கள். நாடகக் கம்பெனியில் சிவாஜி கணேசன் பெண் வேடம் போட்டிருக்கிறார். டி.கே.சண்முகம் அவ்வையாராக நடித்து, அந்தப் பெயரே அவருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு "அவ்வை சண்முகம்" ஆனார். 1996-ல் கமல் நடித்த "அவ்வை சண்முகி" டைட்டில் அங்கிருந்து வந்ததுதான். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1935-ல் வந்த "பக்த நந்தனார்" படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். 1941-ல் "சாவித்திரி"யில் நாரதர் எம்.எஸ்.சுப்புலட்சுமி.

இந்த இடத்தில் ஒன்று உறுத்துகிறது. பெண் ஆண் வேடம் போட்டால் "என்ன தைரியம்" என்கிறோம். ஆண் பெண் வேடம் போட்டால் மட்டும் "ஆளு எப்படி?" என்று கேட்கிறோம். பெண்ணாவது கீழே இறங்குவது என்ற எண்ணம் எங்கோ உள்ளே இருக்கிறது போல.

வேடத்தைக் கலைத்த பிறகும் இருப்பது

இப்போது இன்னொரு மேடைக்கு வருவோம். மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கே.பி.கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர் நர்த்தகி நடராஜ். அந்தப் பெயரைக் கொடுத்ததே குருதான். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர்.

மேடையில் அவர் கட்டுவதும் சேலைதான், போடுவதும் நகைதான். ஆனால் சலங்கையைக் கழற்றி வீட்டுக்குப் போனபிறகும் அவர் பெண்தான். பரதத்தில் ஒரே கலைஞர் நாயகி, தோழி, கண்ணன் என்று மாறி மாறி அபிநயம் பிடிப்பார். அப்படிப் பார்த்தால் ஒரு திருநங்கைக் கலைஞர் கண்ணனாக நிற்கும் அந்த நிமிடம்தான் "வேடம்". நாயகியாக நிற்பதை ஆண் போட்ட பெண் வேடம் என்று எழுதினால், கணக்கே தலைகீழாகிவிடும்.

சட்டமும் இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று வந்த நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பாலின அடையாளம் என்பது ஒருவர் தன்னை உள்ளுக்குள் எப்படி உணர்கிறார் என்பது என்று ஏற்றது. அறுவை சிகிச்சை செய்தால்தான் ஏற்போம் என்று வற்புறுத்தக் கூடாது என்றும் சொன்னது. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு பொருந்தாத பாலினம் உள்ளவர் என்றுதான் திருநரை வரையறுத்தது. உடை அந்த வரையறைக்குள் வரவே இல்லை. ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்டு சிப்காட் ஷிஃப்ட்டுக்குப் போகும் திருநங்கையும் திருநங்கைதான். ஒரு திருநம்பி குடும்ப நெருக்கடியில் இன்னும் சுடிதார் போட்டுக்கொண்டிருக்கலாம். அங்கே அந்தச் சுடிதார்தான் வேடம்.

அப்போ டிராக் என்பது?

டிராக் ஒரு நிகழ்த்துகலை. அதில் ஒரு பாத்திரம் உண்டு, பாத்திரத்துக்குப் பெயர் உண்டு, மேடையும் பார்வையாளர்களும் உண்டு. மேக்கப், விக், பேச்சு எல்லாம் வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று நாம் நினைத்துவைத்திருப்பதைக் கிண்டல் செய்வது அதன் வேலைகளில் ஒன்று. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், பெங்களூருவில் அலெக்ஸ் மேத்யூ 2014 முதல் "மாயா" என்ற பாத்திரமாக மேடையேறுகிறார். மாயா சேலை கட்டுவார், பாடுவார், ஜோக் அடிப்பார். கூத்தில் பாஞ்சாலியைப் படைத்தது மரபு. இங்கே மாயாவைப் படைத்தது அந்தக் கலைஞரே. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் அதுதான்.

"சரி, டிராக் பண்றவங்க எல்லாம் ஆண்கள், திருநர் கிடையாது" என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. அமெரிக்காவின் "ருபால்ஸ் டிராக் ரேஸ்" நிகழ்ச்சியின் 13-வது சீசனில், 2021-ல், காட்மிக் என்ற போட்டியாளர் வந்தார். அவர் திருநம்பி, அதாவது ஆண். பிறந்தபோது அவரைப் பெண் என்று குறித்தார்கள், அதிலிருந்து வெளியே வந்தார். பிறகு கலைக்காக மேடையில் பெண் பாத்திரம் செய்கிறார். அடையாளம் ஒரு திசை, வேடம் அதற்கு எதிர்த்திசை. இரண்டும் ஒன்றாக இருந்தால் இப்படி ஒருவர் இருக்கவே முடியாதே!

குழப்பம் சட்டமானபோது

இதெல்லாம் வார்த்தை விளையாட்டு என்று தோன்றினால், வரலாற்றைக் கொஞ்சம் புரட்டலாம். 1871-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப்பழங்குடியினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வடஇந்தியாவின் ஹிஜ்ராக்களைப் போலீஸ் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவேட்டில் உள்ளவர் பெண் உடையிலோ நகையிலோ பொது இடத்தில் தெரிந்தால், வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யலாம். பொது இடத்தில் ஆடினாலும் இசைத்தாலும் அதேதான். ஒரு மனிதரின் அடையாளம், அவர் உடுத்தும் உடை, அவர் பிழைப்புக்குச் செய்யும் கலை மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "சந்தேகம்" என்று எழுதிவைத்தார்கள்.

ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1919-ல் இதேபோல ஒரு சட்டம் வந்தது. நிஜாம் போனார், சட்டம் போகவில்லை. அது அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2023 ஜூலையில். நூறு வருஷத்துக்கு மேல்.

இன்று அந்தக் குழப்பம் சின்ன அளவில் வருகிறது. பெண் வேடக்காரருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "அவர் அப்படித்தானாமே" என்ற பேச்சு வரும். திருநங்கையிடம் வீட்டில் "இந்த வேஷத்தைக் கலைச்சுட்டு வா, சேர்த்துக்கறோம்" என்பார்கள். முதலாமவரிடம் வேலையை அடையாளம் என்கிறோம், இரண்டாமவரிடம் அடையாளத்தை வேலை என்கிறோம். அடி இரண்டாமவருக்குத்தான் அதிகம். கூத்துக் கலைஞர் பேச்சைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம். "கலைச்சுட்டு வா" என்று சொல்லப்பட்டவருக்கு வீடே இல்லாமல் போகிறது.

சினிமாவும் இதில் சும்மா இல்லை. "சூப்பர் டீலக்ஸ்" படத்தில் ஷில்பாவாக விஜய் சேதுபதி நடித்தது நல்ல நடிப்புதான். ஆனால் திருநங்கைப் பாத்திரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆண் நடிகர்களையே போட்டால், பார்ப்பவர் மனதில் "திருநங்கை என்றால் சேலை கட்டிய ஆண்" என்ற படம்தான் பதியும். அதே 2019-ல் தமிழகத் திரையரங்குகளில் ஓடிய "பேரன்பு" படத்தில் மம்மூட்டிக்கு ஜோடியாக, திருநங்கை நடிகை அஞ்சலி அமீரே திருநங்கைப் பாத்திரத்தில் நடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

பார்த்தே கண்டுபிடிக்கலாமா?

முடியாது. பெண் வேடம் கட்டியபோதுதான் தன்னைப் பெண்ணாக முதலில் உணர்ந்தேன் என்று சொல்லும் திருநங்கைகள் உண்டு. வீட்டில் சேலையைத் தொட்டால் அடி விழும், மேடையில் கட்டினால் கைத்தட்டல். அப்படிப்பட்டவருக்கு மேடை ஒரு மறைவிடம். பக்கத்தில் அதே வேடத்தில் நிற்கும் இன்னொருவருக்கு அது சம்பளம், கலை, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

அதனால் கூத்து பார்த்துவிட்டு வேடக்காரரிடம் பேசப் போனால், பாஞ்சாலியைப் பற்றிக் கேளுங்கள், எத்தனை வருஷமாக ஆடுகிறார் என்று கேளுங்கள். அவர் ஆணா பெண்ணா திருநங்கையா என்பது அவராகச் சொன்னால் தெரிந்துகொள்வது. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த திருநங்கை சக ஊழியரிடம் "ஆனுவல் டேவுக்கு டான்ஸ் ஆடுவீங்கல்ல?" என்று முதல் கேள்வியாகக் கேட்பவர்களும் இதையே கொஞ்சம் யோசிக்கலாம். அவர் வந்திருப்பது குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கு.