குருமாவில் கரைந்த முந்திரி

மதியம் பன்னிரண்டே முக்கால். எலும்பு முறிவு வார்டில் சாப்பாட்டு டிராலி வந்து நின்றது. பத்தாம் நம்பர் கட்டிலில் ஓர் ஆசிரியை. கணுக்காலில் அறுவை சிகிச்சை முடிந்து அன்று இரண்டாம் நாள். பரிமாறும் ஊழியர் அவருக்கான தட்டை எடுத்தார். இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் சோறு, ரசம், தயிர், ஒரு கிண்ணத்தில் காய்கறி குருமா. பக்கத்துக் கட்டிலில் சலைன் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். ஆசிரியையின் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை இருந்தது. எங்கள் மருத்துவமனையில் அலர்ஜி உள்ளவர்களுக்குக் கட்டுவது அது.

"அண்ணா, ஒரு நிமிஷம். குருமாவுல என்ன அரைச்சிருக்கு?"

"தேங்கா, சிஸ்டர். வேற என்னன்னு மாஸ்டரைக் கேட்டாத்தான் தெரியும்."

நர்ஸ் சமையலறைக்குப் போன் செய்தார். தேங்காய், கசகசா, முந்திரி என்று பதில் வந்தது. அந்த ஆசிரியைக்கு ஆகாத ஒரே பொருள் முந்திரிதான். தட்டு அப்படியே திரும்பியது. அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

அப்போது அந்த மருத்துவமனையில் நான் டயட்டீஷியன். தட்டின் ஓரத்தில் "முந்திரி கூடாது" என்று எழுதிய டயட் கார்டு இருந்தது. அது என் கையெழுத்து. கார்டும் குருமாவும் ஒரே தட்டில்தான் வந்திருந்தன.

ஒரு ஸ்பூன் என்ன செய்யும்?

முந்திரி அலர்ஜி உள்ளவரின் உடல், முந்திரியில் உள்ள சில புரதங்களைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், வாந்தி என்று தொடங்கலாம். தொண்டை அடைத்து மூச்சு திணறினாலோ, ரத்த அழுத்தம் விழுந்தாலோ அது அனஃபிலாக்ஸிஸ் எனும் உயிராபத்து நிலை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் வரை, தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும்.

வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்தப் புரதங்கள் அழிவதில்லை. கிண்ணத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதித் தட்டைக் கொடுத்தாலும் போதாது. குருமா பட்ட கரண்டி சோற்றிலும் பட்டிருக்கலாம். கை கழுவி, சுத்தமான கரண்டியால் புதுத் தட்டு போடுவதுதான் முறை. அன்று அப்படித்தான் செய்தோம். ஆசிரியைக்கு அரை மணி தாமதமாகச் சாப்பாடு கிடைத்தது.

தட்டு வந்த வழி

அந்தத் தட்டு எப்படி வார்டு வரைக்கும் வந்தது என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம்.

முதல் ஓட்டை, அவர் அட்மிட் ஆன இரவில். டாக்டரின் படிவத்தில் அலர்ஜி என்று ஒரு கட்டம் இருந்தது. "எதுவும் அலர்ஜி இருக்கா?" என்று கேட்டபோது, மருந்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஆசிரியை இல்லை என்றிருக்கிறார். பிறகு வார்டு நர்ஸ் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, "முந்திரி ஒத்துக்காது" என்றார். நர்ஸ் மேலும் விசாரித்திருக்கிறார். கல்லூரி நாளில் ஒரு கல்யாண வீட்டில் முந்திரி பர்ஃபி சாப்பிட்டுப் பத்தே நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சு திணறி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட கதை அப்போதுதான் வெளியே வந்தது. அதன் பிறகே சிவப்புப் பட்டை.

நம் பேச்சில் "ஒத்துக்காது" என்ற ஒரே சொல் எத்தனையோ வேலை செய்கிறது. உருளைக்கிழங்கு வாயு என்றாலும் ஒத்துக்காது, தயிர் சளி பிடிக்கும் என்றாலும் ஒத்துக்காது, முந்திரி தின்றால் மூச்சு நிற்கும் என்றாலும் ஒத்துக்காதுதான். நாளுக்குப் பத்துப் பேரிடம் இதைக் கேட்கும் ஊழியருக்கு, பதினொன்றாவது ஆள் சொல்வது வேறு வகை என்று தானாகத் தெரியாது. சாப்பிட்டால் என்ன ஆகும், எவ்வளவு நேரத்தில் ஆகும், ஊசி போடும் அளவுக்குப் போனதா என்று கேட்டால்தான் பிரித்தறிய முடியும்.

இரண்டாவது ஓட்டை, என்னுடையது. மறுநாள் நான் அவரைப் பார்த்து கார்டு எழுதினேன். அன்று காலை வெண்பொங்கல். சமையலறையில் கார்டைப் பார்த்து, முந்திரி போடாமல் தனியாக எடுத்து வைத்தார்கள். பொங்கலில் முந்திரி கண்ணுக்குத் தெரியும் என்பதால் அது நடந்தது. குருமாவில் தெரியாது. "முந்திரி கூடாது" என்று எழுதிய நான், எந்தெந்தப் பதார்த்தத்தில் முந்திரி அரைபட்டுக் கலந்திருக்கும் என்று எழுதவில்லை. தட்டுகளைச் சரிபார்த்து அனுப்பும் பெண் என் கார்டைப் படித்தார், தட்டைப் பார்த்தார், முந்திரி எதுவும் தெரியவில்லை, அனுப்பினார். அவரளவில் அவர் சரியாகவே செய்தார்.

மூன்றாவது ஓட்டை, அன்று காலை பதினொரு மணிக்கு. மெனுப்படி மதியம் சௌசௌ கூட்டு. காய்கறி வண்டி வரத் தாமதமானதால் மாஸ்டர் இருந்த காய்களை வைத்துக் குருமா போட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு நேரத்தில் சாப்பாடு போக வேண்டும் என்ற பொறுப்பில் எடுத்த முடிவு அது. ஆனால் மெனு மாறியதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்ற விதியும் இல்லை. நான் கார்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தது கூட்டுக்கு. போனது குருமா.

மூன்று ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தன. நான்காவது இடத்தில் ஒரு நர்ஸ் கேட்ட ஒரு கேள்வி நின்றது.

எழுதியதால் நடந்தது

நோயாளியை எட்டும் முன்பே தடுக்கப்பட்ட தவறை மருத்துவமனையில் "நியர் மிஸ்" என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வகைப்பாட்டிலும் இதுதான் பொருள். ஆசிரியை ஒரு ஸ்பூன் சாப்பிட்டு, அதிர்ஷ்டவசமாக எதுவும் ஆகவில்லை என்றால் அது நியர் மிஸ் அல்ல. தவறு நோயாளியை எட்டிவிட்டது, தீங்கு மட்டும் நேரவில்லை. அதற்குத் தனிப் பெயர், தனி விசாரணை உண்டு.

இப்படித் தடுக்கப்பட்ட தவறுகளில் பல, தட்டை மாற்றியதோடு முடிந்துவிடும். பரிமாறுபவர்கள் பல இடங்களில் ஒப்பந்த ஊழியர்கள். எழுதினால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் அவர்களுக்கு. ஒன்றும் ஆகாததை ஏன் எழுத வேண்டும் என்ற எண்ணம் மற்றவர்களுக்கு. அந்த நர்ஸ் தட்டை மாற்றச் சொன்ன கையோடு எனக்கும் போன் செய்தார். அதே பானைக் குருமா இன்னும் யாருக்குப் போகிறது என்று கார்டுகளைப் புரட்டினேன். குழந்தைகள் வார்டில் ஒரு சிறுவனுக்குக் கொட்டைப் பருப்பு அலர்ஜி என்று இருந்தது. அவனுடைய தட்டு டிராலியில் ஏறியிருந்தது, லிஃப்டுக்கு இன்னும் போகவில்லை.

அன்று மாலை நர்ஸ் எழுதிக் கொடுத்த படிவத்தின் சாரம் இது: "12.45 மணிக்கு, முந்திரி அலர்ஜி உள்ள நோயாளிக்கு முந்திரி அரைத்த குருமாவுடன் தட்டு வந்தது. பரிமாறும் முன் நிறுத்தப்பட்டது. டயட் கார்டில் முந்திரி கூடாது என்று இருந்தது. மெனுவில் கூட்டு, வந்தது குருமா. நோயாளி சாப்பிடவில்லை. டயட்டீஷியனுக்குத் தெரிவிக்கப்பட்டது." யாருடைய பெயரும் இல்லை. "சமையலறையின் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தால் விசாரணை அங்கேயே நின்றிருக்கும். மெனு மாறியது என்ற ஒரு வரிதான் எங்களைக் காய்கறி வண்டி வரைக்கும் கொண்டுபோனது.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனை நெருங்கிய டிடபிள்யூஏ 514 என்ற விமானம், எவ்வளவு தாழ இறங்கலாம் என்ற குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தில் மலையில் மோதாமல் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. அந்தச் செய்தி மற்ற நிறுவனங்களுக்குப் போகவில்லை. இதற்குப் பிறகுதான், 1976இல், தவறை எழுதுபவர் பயமின்றி எழுதும் ஏற்பாட்டை நாசா நடத்தத் தொடங்கியது. மருத்துவமனைகளின் நியர் மிஸ் படிவங்களுக்கு முன்மாதிரியாக இருந்தவற்றில் அதுவும் ஒன்று.

சாப்பாட்டுத் தட்டிலும் இப்படி எழுதிச் சேர்த்ததால்தான் உண்மை தெரிகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மருத்துவமனைகள் எழுதிக் கொடுத்த உணவுத் தவறுகள் 285ஐ ஒன்றாக வைத்துப் படித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை, அலர்ஜி உள்ளவருக்கு அதே உணவு போன சம்பவங்கள்.

மாற்றியதும் மாற்ற முடியாததும்

எங்கள் மருத்துவமனையில் மூன்று மாற்றங்கள் வந்தன. அட்மிஷன் படிவத்தில் மருந்து அலர்ஜிக்கும் உணவு அலர்ஜிக்கும் தனித்தனிக் கட்டங்கள் வந்தன. உணவுக் கட்டத்தில் "சாப்பிட்டால் என்ன ஆகும்?" என்ற கேள்வியும் சேர்ந்தது. சமையலறைச் சுவரில் ஒவ்வொரு பதார்த்தத்திலும் என்ன சேர்கிறது என்ற பட்டியல் தொங்கியது. குருமா, பாயசம், பாதாம் பால், வெள்ளை கிரேவி ஆகியவற்றுக்கு நேரே முந்திரி என்று சிவப்பில் எழுதினோம். மெனு மாறினால், டயட்டீஷியன் கையெழுத்து இல்லாமல் அலர்ஜி கார்டுள்ள தட்டுகள் கிளம்பக் கூடாது என்றும் விதி வந்தது.

எல்லாம் அடைபட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரவு எட்டு மணிக்கு மெனு மாறினால் கையெழுத்துப் போட டயட்டீஷியன் இருக்க மாட்டார். கடைக்காரர் வேறு பிராண்ட் மசாலா பாக்கெட் அனுப்பினால் சுவரில் உள்ள பட்டியல் பொய்யாகிவிடும். வீட்டிலிருந்து அன்பாக வரும் டிபன் கேரியர் எந்தக் கார்டிலும் இல்லை. அதனால்தான் கடைசிக் காவல் எப்போதும் கட்டிலருகேதான் இருக்கிறது.

அந்தக் காவலில் நீங்களும் உண்டு. உங்களையோ உங்கள் வீட்டாரையோ மருத்துவமனையில் சேர்க்கும்போது "ஒத்துக்காது" என்று நிறுத்திவிடாதீர்கள். "முந்திரி சாப்பிட்டால் பத்து நிமிடத்தில் முகம் வீங்கும், ஒருமுறை ஊசி போட்டார்கள்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். டாக்டர், நர்ஸ், டயட்டீஷியன் மூவரிடமும் சொல்லுங்கள். தட்டு வரும்போது, இதில் என்ன அரைத்திருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். தவறான தட்டு வந்து திருப்பி அனுப்பினால், புதுத் தட்டு வந்ததும் ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள்: "இதை எழுதி வெச்சீங்களா, சிஸ்டர்?" அடுத்த வார்டில் இருக்கும் சிறுவனுக்காக அந்தக் கேள்வி.