பிடித்த நிறம், ஆனால் கொஞ்சம் அடக்கமாக

குங்குமச் சிவப்பு என்றால் உங்களுக்கு உயிர். ஆனால் படுக்கையறைச் சுவர் முழுக்க அதையே பூசினால் கண் உறுத்தும். அதைத் தணிக்க மூன்று வழிகள் உண்டு. வெள்ளை கலந்தால் கிடைப்பது டின்ட், கறுப்பு கலந்தால் ஷேடு, சாம்பல் கலந்தால் டோன். அக்ரிலிக் பெயின்டில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என மூன்று டியூப் இருந்தால் வீட்டிலேயே கலந்து பார்க்கலாம்.

வெளிர் நிறத்துக்கு முதலில் வெள்ளையைத் தட்டில் எடுத்துக்கொண்டு, சிவப்பைத் துளித்துளியாகச் சேருங்கள். துளி சிவப்பே வெள்ளையை நன்றாக மாற்றிவிடும். சிவப்பில் வெள்ளையைக் கொட்டத் தொடங்கினால், வேண்டிய வெளிர்மை வருவதற்குள் டியூப் காலியாகிவிடும். அடர் நிறத்துக்கு இதுவே தலைகீழ். சிவப்பை முதலில் எடுத்து, தூரிகை நுனியில் ஒட்டுமளவு கறுப்பைச் சேர்த்தால் அரக்கு நிறம் வரும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிவப்போடு வெள்ளை சேர்ந்தால் ரோஸ் ஆகிவிடுகிறது. 'இது நான் கேட்ட சிவப்பே இல்லையே' என்று தோன்றும். அவர்கள் தேடியது வெளிர்மையை அல்ல, பளிச்சென்று அடிக்காத தன்மையை. அதற்கு டோன்தான் சரி. பலமுறை துவைத்த சிவப்புப் பருத்திச் சேலையைப் போல, சிவப்பு சிவப்பாகவே இருக்கும். பளபளப்பு மட்டும் அடங்கியிருக்கும்.

டோனுக்குச் சாம்பலைத் தனியாகக் கலந்துகொள்ளுங்கள். அது சிவப்பின் அதே அடர்த்தியில் இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தடவி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பொருத்தம் சரி. சாம்பல் வெளுத்திருந்தால் கலவை ரோஸ் பக்கம் போகும். கறுத்திருந்தால் அரக்குப் பக்கம் போகும். பொருந்திய சாம்பலைச் சிவப்பில் சிறிது சிறிதாகச் சேருங்கள். சாம்பலுக்குப் பதில் துளி பச்சை சேர்த்தாலும் சிவப்பு அடங்கும். நிறச் சக்கரத்தில் அது சிவப்புக்கு நேர் எதிரே இருப்பதே காரணம்.

மஞ்சளுக்கு மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் தவறும். அதில் கறுப்பு சேர்ந்தால் அடர்மஞ்சள் வராது, பாசிப்பச்சை எட்டிப்பார்க்கும். கறுப்புக்குப் பதில் பழுப்பு சேர்த்தால் கடுகு மஞ்சள் கிடைக்கும்.

அக்ரிலிக், எமல்ஷன் இரண்டுமே ஈரத்தில் வெளுப்பாகத் தெரிந்து, காய்ந்ததும் சற்று அடர்ந்துவிடும். அதோடு, நிற அட்டையில் சாதுவாகத் தெரியும் நிறம் நான்கு சுவர்களிலும் பரவும்போது கூடுதல் அழுத்தமாகத் தெரியும். எனவே பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய விடுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும் இரவு விளக்கில் ஒருமுறையும் பார்த்த பிறகு பெயின்டருக்கு முன்பணம் கொடுங்கள்.