ரெப்போவால் தக்காளி விலை இறங்குமா?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் பொருளியல் படிக்கும் மாணவர் ஒருவருக்கு, பணக்கொள்கை வினாக்களுக்கு விடை அமைப்பது பற்றி அவருடைய ஆசிரியர் எழுதிய கடிதம்.

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய விடையைப் படித்தேன். 2024 முதன்மைத் தேர்வில் பொதுப்பாட மூன்றாம் தாளில் வந்த வினா அது. இந்தியாவில் உணவுப் பணவீக்கம் தொடர்ந்து உயர்ந்தே இருப்பதற்குக் காரணங்கள் என்ன, இவ்வகைப் பணவீக்கத்தை அடக்குவதில் ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை எவ்வளவு பலன் தருகிறது என்று கேட்டிருந்தார்கள். 150 சொற்கள், 10 மதிப்பெண்.

ரெப்போ விகிதம், ரொக்க இருப்பு விகிதம், வெளிச்சந்தை நடவடிக்கை என்று ஒவ்வொன்றையும் நீ விளக்கியிருக்கிறாய். எதிலும் பிழை இல்லை. ஆனால் வினாவை மறைத்துவிட்டு உன் விடையை மட்டும் படித்துப் பார். பணக்கொள்கையின் கருவிகள் யாவை என்று யாரோ கேட்டதுபோல இருக்கும். விடையைப் படித்தே வினாவைச் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த விடை படித்ததை ஒப்பிக்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று பொருள்.

விலை ஏன் ஏறியது?

பணக்கொள்கை பற்றி எந்த வினா வந்தாலும் முதலில் ஒன்றை முடிவுசெய். விலை ஏறியது மக்கள் கூடுதலாக வாங்கியதாலா, சந்தைக்குச் சரக்கு குறைவாக வந்ததாலா? வட்டி விகிதம் முதல் வகையை நேரடியாகத் தொடும். கடன் விலை உயர்ந்தால் வீடு, வண்டி, தொழில் முதலீடு எல்லாம் தள்ளிப்போகும், தேவை தணியும். இரண்டாம் வகையில் ரெப்போவை எவ்வளவு உயர்த்தினாலும் வயலில் ஒரு மூட்டை கூட அதிகம் விளையாது.

இந்த வினா இரண்டாம் வகை. காரணங்களை எழுதும்போது "தொடர்ந்து" என்ற சொல்லைப் பிடித்துக்கொள். மழையால் ஒரு மாதம் தக்காளி விலை ஏறினால் அது அடுத்த அறுவடையில் இறங்கிவிடும். அதைத் தொடரும் பணவீக்கம் என்று சொல்ல முடியாது. 2022 முதல் நடந்தது வேறு. அந்த மார்ச் மாத வெப்பம் கோதுமை விளைச்சலைப் பாதித்தது. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியது. அதே ஆண்டு ஆகஸ்ட், 1901-க்குப் பின் மிக வறண்ட ஆகஸ்ட்டாக அமைந்தது. துவரை விளைச்சல் அடுத்தடுத்துக் குறைந்தது. ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. இதோடு குளிர்பதனக் கிடங்குப் பற்றாக்குறையும், சமையல் எண்ணெய்க்கு இறக்குமதியை நம்பியிருப்பதும் சேர்கின்றன. அதிர்ச்சி தற்காலிகமானது, அதைத் தாங்க முடியாத அமைப்பு நிரந்தரமானது. இந்த ஒரு வாக்கியம் எழுதினால் "தொடர்ந்து" என்பதற்குப் பதில் கிடைத்துவிடும்.

பலன் உண்டா, இல்லையா?

மதிப்பெண் பிரிவது இந்த இரண்டாம் பகுதியில்தான். "பணக்கொள்கையால் பயன் இல்லை" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

காய்கறி விலையை வட்டியால் இறக்க முடியாது. ஆனால் அந்த விலை மற்ற விலைகளுக்குப் பரவுவதைத் தடுக்க முடியும். உணவு விலை மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தால், இனியும் இப்படித்தான் என்று குடும்பங்கள் நம்பத் தொடங்கும். கூலி உயர்வு கேட்பார்கள். முடி திருத்தும் கடை முதல் பள்ளிக் கட்டணம் வரை அது ஏறும். இதை இரண்டாம் சுற்று விளைவு என்கிறோம். ரிசர்வ் வங்கி காவல் காப்பது அங்கேதான்.

இதற்குச் சான்று வேண்டும். ரெப்போ விகிதம் 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்ந்தது. பிறகு இரண்டு ஆண்டுகள் அதே இடத்தில் நின்றது. 2024 மே மாதத்தில் உணவுப் பணவீக்கம் சுமார் 8.7 சதவீதம். உணவையும் எரிபொருளையும் நீக்கிக் கணக்கிடும் மையப் பணவீக்கமோ சுமார் 3.1 சதவீதம். ஒரே வட்டி, ஒரே மாதம், இரண்டு வேறு விளைவுகள். பணக்கொள்கையின் எல்லை எங்கே என்பதை இந்த இரண்டு எண்களும் சேர்ந்து காட்டிவிடுகின்றன. உன் விடையில் ஏழு எண்கள் இருக்கின்றன. எதுவும் எதையும் நிரூபிக்கவில்லை. இந்த இரண்டு போதும்.

ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள். மையப் பணவீக்கம் குறைந்ததற்கு வட்டி மட்டுமே காரணம் இல்லை. உலகச் சந்தையில் மூலப்பொருள் விலை தணிந்ததும் உதவியது. "வட்டி உயர்வும் இதில் பங்கு வகித்தது" என்று அளந்து எழுதினால் திருத்துபவருக்கு நம்பிக்கை வரும்.

அப்படியானால் உணவு விலையை ரிசர்வ் வங்கி கண்டுகொள்ளாமல் விடலாமா? உணவை நீக்கிய பணவீக்கத்தை இலக்காக வைப்பது பற்றி யோசிக்கலாம் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை சொன்னது. ஆனால் 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதம். செலவில் ஏறத்தாழ பாதியை விட்டுவிட்டுச் சொல்லும் பணவீக்கத்தை மக்கள் நம்ப மாட்டார்கள். எதிர்பார்ப்புகளைக் கட்டுக்குள் வைப்பதுதான் வேலை என்றால், அவர்கள் நம்பும் அளவுகோல்தான் வேண்டும்.

150 சொற்களைப் பிரிப்பது

மூன்று மணி நேரத்தில் 20 வினாக்கள். இதற்குக் கிடைப்பது ஏழு நிமிடம். வரையறை வேண்டாம். இது அளிப்புப் பக்க அதிர்ச்சி என்று 15 சொற்களில் தொடங்கு. காரணங்களுக்கு 50 சொற்கள். பலனும் எல்லையும் பற்றி 65 சொற்கள். மிச்சமுள்ள 20 சொற்களில் உன் தீர்ப்பு: விலையை இறக்குவது கிடங்கும் இருப்பும் இறக்குமதி முடிவுகளும், அது பரவாமல் காப்பது பணக்கொள்கை.

விருப்பப் பாடத் தாளில் இதே வினா வந்தால் ஒரு படம் சேர்த்துக்கொள். மொத்த அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்கிறது, விலை ஏறி உற்பத்தி குறைகிறது. வட்டியை உயர்த்தினால் மொத்தத் தேவைக் கோடும் இடப்பக்கம் நகர்கிறது. விலை ஓரளவு இறங்கும், உற்பத்தி இன்னும் குறையும். அளிப்பு அதிர்ச்சியை வட்டியால் மட்டும் அடக்கினால் வேலைவாய்ப்பில் என்ன விலை கொடுக்கிறோம் என்பது படத்திலேயே தெரியும். படத்துக்குக் கீழே அதை ஒரு வரியில் எழுதிவிடு. விளக்காத படத்துக்கு மதிப்பு குறைவு.

இதைத் திருத்தி எழுதியபின் இன்னொன்றும் முயன்று பார். 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ விகிதம் 6.5-லிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஜூனில் உணவுப் பணவீக்கமும் பூஜ்யத்துக்குக் கீழே போனது. வட்டியும் இறங்கியது, உணவு விலையும் இறங்கியது. இங்கே எது காரணம், எது விளைவு? மேலே சொன்ன தீர்ப்பு இந்தச் சோதனையிலும் நிற்கிறதா என்று 150 சொற்களில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்